மினிமம் டியூ மட்டும் கட்டிவரும் கார்டை எப்படி முடிப்பது?

தம்பியின் கிரெடிட் கார்டில் 40,000 ரூபாய் நிலுவை. மாத வட்டி 3.5%, அதாவது 1,400 ரூபாய். வட்டிக்கு 18% ஜிஎஸ்டி 252. மினிமம் டியூவாக 2,000 கட்டுகிறான். அசலில் குறைவது 348 ரூபாய்தான்! தாமதக் கட்டணம் இல்லை என்பதால் எல்லாம் சரியாக இருப்பதாக நினைக்கிறான்.

அப்புறம் பெட்ரோல், மளிகை என மாதம் 3,000 ரூபாய்க்கு அதே கார்டைத் தேய்க்கிறான். பழைய பாக்கி இருக்கும்வரை புதுச் செலவுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடுகிறது. கடன் ஏறிக்கொண்டே போகிறது.

கார்டை நிறுத்தச் சொல்லிவிட்டேன். நிலுவையை வங்கியிலேயே இஎம்ஐயாக மாற்றலாமா, ஆண்டுக்கு 14% வட்டியில் தனிநபர் கடன் வாங்கி அடைக்கலாமா? செயலாக்கக் கட்டணம், முன்கூட்டியே முடித்தால் அபராதம் எல்லாம் சேர்த்து எது மலிவு? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.