முதல் நாஸ்: 2 ஸ்லாட்டா 4 ஸ்லாட்டா, எவ்வளவு டிபி? உங்க அனுபவம் சொல்லுங்க

குரோம்பேட்டை குமரன்

2 ஸ்லாட் நாஸ் வாங்கி நாலரை வருஷம் ஆச்சு. உள்ளே 4 டிபி டிஸ்க் ரெண்டு, ரெய்டு 1. போன மாசம் 90 சதவீதம் நிறைஞ்சுட்டதால ரெண்டையும் 8 டிபியா மாத்தலாம்னு ரிச்சி ஸ்ட்ரீட் போய் டிஸ்க் வாங்கிட்டு வந்தேன்.

இருக்கறதே ரெண்டு ஸ்லாட். புதுசை வைக்கணும்னா பழசுல ஒண்ணைக் கழட்டியே ஆகணும். ராத்திரி 9 மணிக்கு மாத்தினேன். 12 மணி வாக்குல பார்த்தப்ப `recovery = 37.4%`, `finish=280.2min`னு காட்டுச்சு. விடியறதுக்குள்ள முடிஞ்சிடும்னு படுத்துட்டேன். ரெண்டரை மணிக்கு பீப் பீப்னு சத்தம். 71 சதவீதத்துல நின்னு போயிருந்தது. உள்ளே மிச்சமிருந்த பழைய டிஸ்க்ல சில இடங்களைப் படிக்கவே முடியல. `smartctl -a` போட்டா `Current_Pending_Sector` 16. அதுக்கு முந்தின நாள் வரைக்கும் பச்சை விளக்குதான் எரிஞ்சுது. அந்த இடத்துல இருந்த பழைய படங்களை வருஷக்கணக்கா யாரும் திறக்கல, அதனால டிஸ்க் கெட்டது யாருக்கும் தெரியல.

காப்பாத்தினது நான் கழட்டி மேஜை மேல வெச்சிருந்த டிஸ்க்தான். யூ.எஸ்.பி. டாக்ல மாட்டி, லினக்ஸ் லேப்டாப்ல படிக்க மட்டும் திறந்து, எல்லாத்தையும் வெளி டிஸ்குக்கு நகல் எடுத்தேன். அன்னிக்கு ராத்திரி ஃபோன்லேர்ந்து ஏறின படங்கள் மட்டும் அதுல இல்ல, அதை ஃபோன்லேர்ந்தே திரும்ப ஏத்திட்டேன். கழட்டின கையோட அந்த டிஸ்கை ஃபார்மேட் பண்ணியிருந்தா அப்பாவோட சஷ்டியப்தபூர்த்தி வீடியோ போயிருக்கும்.

வாங்கும்போது ஸ்லாட் எண்ணிக்கையை எப்படி முடிவு பண்ணீங்க?

அண்ணா நகர் ஆர்த்தி

எனக்கு இதான் முதல் நாஸ். கையில 1.7 டிபி இருக்கு. போன 12 மாசத்துல சேர்ந்த ஃபோல்டர்களை மட்டும் கூட்டிப் பார்த்தேன், 400 ஜிபி வந்தது. பையன் 4கே-ல வீடியோ எடுக்கறான். வருஷா வருஷம் இது கூடும்தானே, அதனால 4 ஸ்லாட்தான் வாங்கணுமா?

பெரம்பூர் பாபு

கண்ணை மூடிட்டு 4 ஸ்லாட் வாங்குங்க மேடம். இப்ப 4 டிபி ரெண்டு போடுங்க. நிறைஞ்சதும் 8 டிபி ஒண்ணு சேருங்க, அப்படியே 8 கூடிடும். ஒரு டிஸ்க் செத்தாலும் டேட்டா இருக்கும், தனியா பேக்கப் தேவையே இல்ல. நான் மூணு வருஷமா அப்படித்தான் ஓட்டறேன்.

தரமணி சேகர்

பாபு தம்பி, சேர்த்துக்கிட்டே போகலாம்கறது சரி. மத்த ரெண்டும் சரியில்ல. 4, 4, 8 போட்டா கிடைக்கறது 8 டிபிதான். கலப்பு சைஸை ஏத்துக்கற ரெய்டுலயும் அதே கணக்கு. புது டிஸ்கோட பாதி, ஜோடி இல்லாம சும்மா கிடக்கும். இன்னொரு 8 போட்டாதான் அந்த மிச்சம் வேலைக்கு வரும், அதுவும் கலப்பை ஏத்துக்கற பெட்டியா இருந்தா. சாதா ரெய்டு 5-ல எல்லாத்தையும் சின்ன டிஸ்க் அளவுக்கே எடுத்துக்கும்.

ஆர்த்தி மேடம், உங்க நம்பரையே போட்டுப் பாருங்க. 4 டிபி ரெண்டு ரெய்டு 1-ல போட்டா கம்ப்யூட்டர் கணக்குல 3.6 காட்டும். 80 சதவீதத்துக்கு மேல நிரப்பாம வெச்சா ஏறக்குறைய 2.9. உங்ககிட்ட இப்பவே 1.7 இருக்கு, வருஷம் 0.4 சேருது. மூணாவது வருஷம் குமரன் உட்கார்ந்த அதே நாற்காலியில நீங்களும் உட்காருவீங்க. 8 டிபி ரெண்டுன்னா 7.27 காட்டும், 5.8 வரைக்கும் தாராளம், இதே வேகத்துல பத்து வருஷம் வரும். பையன் வேகம் ரெண்டு மடங்கானாலும் அஞ்சு வருஷம் தாங்கும். அதுக்குள்ள டிஸ்குக்கே வயசாகிடும், எப்படியும் மாத்தத்தான் போறீங்க.

அதனால இடம் பத்தாதுங்கற காரணத்துக்காக உங்களுக்கு 4 ஸ்லாட் தேவைப்படாது. நான் காலி ஸ்லாட் கேக்கறது வேற காரணத்துக்கு. ஒரு ஸ்லாட் காலியா இருந்தா, பழைய டிஸ்கைக் கழட்டாமலே புதுசை உள்ள வெச்சு, பழசுலேர்ந்து நேரா நகல் எடுக்கச் சொல்லலாம். பல பெட்டிகள்ல இந்த வசதி இருக்கு. ஒரு டிஸ்க்ல படிக்க முடியலன்னா அந்த இடத்தை இன்னொரு டிஸ்க் கொடுத்துடும். குமரனுக்கு அன்னிக்கு இது இருந்திருந்தா 71-ல நின்னிருக்காது.

2 ஸ்லாட்தான் முடியும்னா, மாத்தறதுக்கு ஒரு வாரம் முன்னாடி ரெண்டு டிஸ்குலயும் `smartctl -t long` போட்டு, முழு டேட்டாவையும் ஒரு தடவை ஸ்க்ரப் பண்ணிடணும். தப்பு இருந்தா ரெண்டும் உள்ளே இருக்கும்போதே வெளிய வரும், அப்பவே சரியாகும். டிஸ்க் வாங்கறப்ப சி.எம்.ஆர். தானான்னு மாடல் நம்பரை வெச்சுப் பார்த்துக்குங்க. எஸ்.எம்.ஆர். டிஸ்க்ல ரீபில்டு நாள்கணக்குல இழுக்கும்.

வேளச்சேரி மணி

என் வீட்ல நாலு கேமரா 24 மணி நேரமும் ஓடுது. ஒவ்வொண்ணும் 4 எம்.பி.பி.எஸ்., 30 நாள் வெச்சுக்கணும். எனக்கும் 8 டிபி ரெண்டு போதுமா?

தரமணி சேகர்

மணி, அது தனிக் கணக்கு. நாலும் சேர்ந்து ஒரு நாளைக்கு 173 ஜிபி, 30 நாளுக்கு 5.2 டிபி. பழசு மேல புதுசு ஏறிக்கிட்டே இருக்கும், அதனால வளராது. அதுக்கு ரெய்டும் அவசியமில்ல. படங்களோட சேர்க்காம ஒரே ஒரு டிஸ்க்ல தனியா விடுங்க.

முடிச்சூர் லதா

சேகர் சார் சொல்ற காலி ஸ்லாட்டை நான் மறுக்கல. ஆனா 4 ஸ்லாட் பெட்டிக்கும் 2 ஸ்லாட் பெட்டிக்கும் இருக்கற விலை வித்தியாசத்துல ஒரு 8 டிபி வெளி டிஸ்க் வாங்கிடலாமே? 2023 டிசம்பர்ல எங்க தெருவுக்குள்ள தண்ணி வந்தப்ப நாஸ் கீழ்த்தட்டுல இருந்தது. ரெண்டு டிஸ்கும் ஒண்ணா நனைஞ்சது, நாலு இருந்திருந்தா நாலும் நனைஞ்சிருக்கும். திருச்சியில தங்கச்சி வீட்ல வெச்சிருந்த நகல்லேர்ந்துதான் எல்லாத்தையும் மீட்டேன். நகல் இருந்தா ரீபில்டு நடுவுல நின்னாலும் பயமில்ல. பாபு சார், இது உங்களுக்கும்தான்.

இன்னொண்ணு, டிஸ்க் கூடக்கூட கரண்டும் கூடும். 30 வாட் இழுக்கற பெட்டி ரெண்டு மாசத்துக்கு 43 யூனிட் சாப்பிடும். எங்க வீடு மாதிரி 500 யூனிட் ஓரத்துல நிக்கறவங்க அதைத் தாண்டிட்டா ஈ.பி. ரேட்டே மாறிடும்.

தரமணி சேகர்

காலி ஸ்லாட் கரண்டு இழுக்காதுங்க, உள்ள இருக்கற டிஸ்க்தான் இழுக்கும். மத்தபடி நகலா காலி ஸ்லாட்டான்னு ஒண்ணைத்தான் எடுக்க முடியும்னா, நகல்தான். அதுல உங்க பக்கம்தான் நானும். ஆனா 5 டிபியை வெளி டிஸ்க்லேர்ந்து திரும்ப ஏத்தி, ஆல்பம், யூசர், ஃபோன் செட்டிங் எல்லாத்தையும் மறுபடி போடறது லேசான வேலை இல்ல. வீட்ல இதைப் பண்றவங்க ஒருத்தர்தான்னா அந்த வாரம் முழுக்க அதிலேயே போயிடும்.

பெரம்பூர் பாபு

8 டிபி பாதி சும்மா கிடக்கும்னு எனக்குத் தெரியாது சார். என்னோடது இப்ப 4 ரெண்டுதான். அடுத்தது 4-ஆவே வாங்கிடறேன். வெளி டிஸ்க் ஒண்ணும் வாங்கணும் போல.

அண்ணா நகர் ஆர்த்தி

8 டிபி, மூணா எடுத்துக்கறேன். ரெண்டு உள்ளே, ஒண்ணு அம்மா வீட்டுக்கு. பெட்டிதான் இன்னும் முடிவாகல. டி.வி. ஸ்டாண்ட் தட்டு 20 செ.மீ. உயரம்தான், பின்பக்கம் மூடியிருக்கு. 4 ஸ்லாட் உள்ள போகும், ஆனா மே மாச வெயில்ல அங்க டிஸ்க் சூடு எவ்வளவு ஏறும்? இங்க யாராவது அப்படி மூடின தட்டுல வெச்சிருக்கீங்களா?