வாட்ஸ்அப் விளம்பரத்தில் தினமும் சாட் வருகிறது, ஆர்டர் வருவதில்லை. உதவி வேண்டும்

இளம்பிள்ளை_சேலை
அவசரமாகக் கேட்கிறேன். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாவிலும் விளம்பரம் போட்டு, அழுத்தினால் வாட்ஸ்அப்புக்கு வரும்படி வைத்திருக்கிறேன். தினமும் முப்பது பேருக்குக் குறையாமல் வருகிறார்கள். எல்லோரும் அனுப்புவது ஒரே வரி: "Hello! Can I get more info on this?" நான் பதில் போட்டால் ப்ளூ டிக் விழுகிறது, அவ்வளவுதான். இவர்கள் உண்மையான ஆட்களா, பொய்க் கணக்குகளா? விளம்பரத்தை நிறுத்திவிடவா?

கோவை_மசாலா
எல்லாம் தவறி கை பட்டு வருகிற கிளிக்தான் அண்ணா. ரீல்ஸ் தள்ளும்போது பட்டன் மேல் விரல் பட்டுவிடும். நானும் இதில் காசு விட்டிருக்கிறேன். ரீல்ஸ், ஸ்டோரி இரண்டையும் எடுத்துவிட்டு ஃபீடில் மட்டும் ஓட்டுங்கள்.

பழைய_கை
மாதம் பத்து பேராவது இங்கே இதையே கேட்கிறார்கள். போஸ்டுக்குக் கீழே இருக்கும் பூஸ்ட் பட்டனை அழுத்துவதற்குப் பெயர் விளம்பரம் இல்லை. ஆட்ஸ் மேனேஜரை முதலில் கற்றுக்கொண்டு வாருங்கள், பிறகு பேசலாம்.

நெல்லை_அக்கவுண்ட்ஸ்
கேட்டவர் தொழில் நடத்துகிறவர். தெரிந்தால் சொல்லலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம். சார், சில்லறையா மொத்தமா? எந்த ஊர்களுக்கு ஓடுகிறது? ஒரு நாளைக்கு எவ்வளவு? பதில் எந்த நேரத்தில் போடுகிறீர்கள், என்ன எழுதுகிறீர்கள்? இதெல்லாம் தெரியாமல் யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

பல்_மருத்துவமனை_வரவேற்பு
24 மணி நேரத்துக்குள் பதில் போடாவிட்டால் அதற்குப் பிறகு சும்மா மெசேஜ் அனுப்ப முடியாது, முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிய டெம்ப்ளேட்டில்தான் அனுப்ப வேண்டும். எங்கள் கிளினிக்கில் இதில்தான் மாட்டினோம். உங்களுக்கும் அதுதான் என்று நினைக்கிறேன்.

விளம்பரம்_ரமணி
அந்த 24 மணி நேரக் கணக்கு, வேறு மென்பொருளோடு இணைத்து ஏபிஐ வழியாக நம்பரை ஓட்டுகிறவர்களுக்கு. விளம்பரத்திலிருந்து வந்தவருக்கு அதற்குள் பதில் போட்டால் அடுத்த 72 மணி நேரம் அவருக்கு இலவசமாக அனுப்பலாம் என்பதும் ஏபிஐக்குத்தான். இவர் போனில் வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் வைத்திருப்பவர் போலத் தெரிகிறது, ப்ளூ டிக் பற்றிப் பேசுகிறாரே. ஆப்பில் அந்தத் தடை இல்லை.

கிளிக் விஷயம் பாதி சரி. தவறி கை பட்டால் வாட்ஸ்அப் திறக்கும், அந்த வரி தயாராக நிற்கும். ஆனால் அனுப்பும் அம்பை அவர்தான் அழுத்த வேண்டும். எனவே உங்கள் சாட்டுக்கு வந்து சேர்ந்தவர் உண்மையான ஆள்தான். என்ன வேண்டும் என்று அவர் இன்னும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

நெல்லைக்காரர் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். ஆட்ஸ் மேனேஜரில் Breakdown என்ற இடத்தில் வயது, பகுதி, நேரம் மூன்றையும் தனித்தனியாகப் பார்த்து இங்கே போடுங்கள்.

இளம்பிள்ளை_சேலை
மன்னிக்கவும், கடையில் கூட்டம், இப்போதுதான் பார்த்தேன். மொத்த வியாபாரம், குறைந்தது 10 சேலை எடுக்க வேண்டும். சாஃப்ட் சில்க், சொந்தத் தறி. விளம்பரத்தில் "தறி விலையில் சேலை" என்று எழுதி ஐந்து படம் போட்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு 500 ரூபாய். தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா எல்லாம் சேர்த்து ஓடுகிறது. பார்த்தேன், பாதிச் செலவு 18 முதல் 24 வயதுக்குப் போயிருக்கிறது. மெசேஜ் அதிகம் வருவது இரவு 9 மணிக்கு மேல். அந்த நேரம் போன் பார்க்க மாட்டேன், மறுநாள் காலை 10 மணிக்கு உட்கார்ந்து எல்லோருக்கும் கேட்டலாக் லிங்க், விலைப்பட்டியல், கூரியர் விவரம், கூகுள் பே நம்பர் எல்லாம் ஒரே மெசேஜாக அனுப்புகிறேன். போன வாரம் நாலு பேர் ஒவ்வொரு சேலை வாங்கினார்கள். பழக்கத்துக்காகக் கொடுத்தேன்.

கோவை_மசாலா
அட, இது மொத்த வியாபாரமா? முதலிலேயே சொல்லியிருக்கலாமே. அப்படியென்றால் நோக்கத்தை ட்ராஃபிக் என்று மாற்றுங்கள், இன்னும் மலிவாக ஆள் வருவார்கள்.

விளம்பரம்_ரமணி
வேண்டாம். ட்ராஃபிக் வைத்து லிங்க் கிளிக்குக்கு ஓட்டினால், அழுத்துவதோடு நிற்கிற ஆட்களைத்தான் அது தேடித் தரும். இப்போது உங்களுடையது "Maximise number of conversations" என்றிருக்கும். அது பேச்சைத் தொடங்குகிறவர்களைத் தேடுகிறது. மூன்று நாள் கழித்து பத்து சேலை எடுப்பவர் யார் என்று அதற்குத் தெரியாது. விளம்பரத்தில் எழுதியிருப்பதையும் யார் பேச வருகிறார்கள் என்பதையும் வைத்துத்தான் அது ஆளைப் பிடிக்கிறது. "தறி விலையில் சேலை" என்று பார்த்தால் கல்லூரிப் பெண்ணும் வருவார், கடைக்காரரும் வருவார். கல்லூரிப் பெண்கள்தான் எண்ணிக்கையில் அதிகம், அவர்கள்தான் ரீல்ஸ் பார்த்து உடனே அழுத்துகிறவர்கள். அதனால் செலவு அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

கணக்கைப் பாருங்கள். வாரத்துக்கு 3,500, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 630. மொத்தம் 4,130. இருநூறு சாட் வந்திருந்தால் ஒன்றுக்கு 20 ரூபாய் சொச்சம், திரையில் மலிவாகத் தெரியும். ஆனால் நாலு சேலைக்கு 4,130 என்றால் ஒரு சேலை விற்க ஆயிரத்துக்கு மேல் போயிருக்கிறது. ஒரு சேலையில் உங்களுக்கு என்ன நிற்கும்?

இளம்பிள்ளை_சேலை
சில்லறையில் 150 நிற்கும். மொத்தத்தில் 60தான்.

விளம்பரம்_ரமணி
அப்படியானால் பத்து சேலை ஆர்டர் ஒன்றில் 600. ஒரு சாட்டுக்கு 60 ரூபாய் ஆனாலும், பத்து பேரில் ஒருவர் எடுத்தால் முதல் ஆர்டர் விளம்பரச் செலவைத் திருப்பித் தந்துவிடும். லாபம் அந்தக் கடைக்காரர் இரண்டாம் முறை எடுக்கும்போதுதான். எனவே சாட் குறைந்தால் பயப்படாதீர்கள், குறையத்தான் வேண்டும்.

இரண்டு இடத்தில் கை வையுங்கள். முதலில் விளம்பரம். முதல் படத்திலேயே "கடைகளுக்கும் ரீசெல்லர்களுக்கும் மட்டும், குறைந்தது 10 சேலை" என்று பெரிதாக எழுதுங்கள். அந்த ஆங்கில வரியையும் மாற்றலாம். விளம்பரத்தில் மெசேஜ் டெம்ப்ளேட் என்ற பகுதிக்குள் போய் "என் கடைக்கு 10 சேலை மொத்த விலை வேண்டும்" என்று வைத்துவிடுங்கள். அம்பை அழுத்தும்போதே அதை வாசித்துவிட்டுத்தான் அழுத்துவார். வேண்டாதவர் அங்கேயே திரும்பிவிடுவார். கேரளா, ஆந்திராவை இப்போதைக்கு எடுத்துவிடுங்கள், நீங்கள் தமிழில்தானே பேசுகிறீர்கள்?

அடுத்தது பதில். இரவு 9:30க்கு சேலை பார்க்கும் மனநிலையில் கேட்டவருக்கு, மறுநாள் காலை சமையல் நேரத்தில் நீளமான பட்டியல் போகிறது. அதற்குள் இன்னும் நாலு பேரிடம் கேட்டிருப்பார். இரவில் பதில் போட யாராவது இருந்தால் நல்லது. இல்லையென்றால் நீங்கள் போன் பார்க்கும் நேரத்தில் மட்டும் விளம்பரத்தை ஓட்டுங்கள். அதற்கு ஆட்ஸ் மேனேஜரில் தினசரி பட்ஜெட்டுக்குப் பதில் லைஃப்டைம் பட்ஜெட் வைத்தால் நேர அட்டவணை தெரியும். முதல் பதிலில் லிங்க், நம்பர் எதுவும் வேண்டாம். ஒரே கேள்வி: "எந்த ஊர், கடையா வீட்டிலிருந்து விற்பனையா?" அவர் இரண்டு சொல் தட்டினால் போதும். அதற்குப் பதில் வந்த பிறகு அவருக்குப் பொருந்தும் ஆறு படம் அனுப்புங்கள்.

வீட்டு_பொட்டிக்_அக்கா
நான் சில்லறை, ஒரு படத்துக்கு ஒரு விலை. விலையை விளம்பரத்திலேயே போட்டேன். வருகிற சாட் பாதியாகக் குறைந்தது, ஆர்டர் குறையவில்லை. "விலை எவ்வளவு" என்று கேட்டுவிட்டு ஓடுகிறவர்கள் வருவதே இல்லை. தம்பி, நீங்களும் விலை போடுங்கள்.

பழைய_கை
மொத்த வியாபாரத்தில் விலை போட்டால் பக்கத்துத் தறிக்காரன் மறுநாளே ஐந்து ரூபாய் குறைத்து விளம்பரம் போடுவான். இது தெரியாமல் அறிவுரை சொல்லக் கூடாது.

வீட்டு_பொட்டிக்_அக்கா
விலை தெரியாமலா பக்கத்துத் தறிக்காரர் இருக்கிறார்? ஒரே ஊரில் நூல் வாங்குகிறவர்கள். வாங்குகிறவருக்குத்தான் விலை தெரிவதில்லை.

நெல்லை_அக்கவுண்ட்ஸ்
"முதல்" விலை என்று ஒன்று மட்டும் போடலாமே. ஒரு சேலை இந்த விலையிலிருந்து தொடங்குகிறது என்றால் போதும்.

பழைய_கை
அப்படிப் போட்டால் எல்லோரும் அந்த ஒன்றையே கேட்பார்கள்.

கோவை_மசாலா
சரி, ஏற்கெனவே வந்து படுத்திருக்கும் அந்த இருநூறு பேர்? எல்லா நம்பரையும் சேமித்து பிராட்காஸ்ட் லிஸ்டில் போட்டு வாரம் ஒரு படம் அனுப்புங்கள்.

விளம்பரம்_ரமணி
பிராட்காஸ்ட் லிஸ்டில் ஒன்றுக்கு 256 பேர்தான். அதைவிட, அவர்கள் உங்கள் நம்பரைச் சேமித்திருந்தால்தான் அது போய்ச் சேரும். விளம்பரத்தில் வந்தவர் யாரும் சேமித்திருக்க மாட்டார்.

கோவை_மசாலா
அதற்கு சாஃப்ட்வேர் இருக்கிறது. ஒரு நாளில் ஆயிரம் போகும். இரண்டு வருடமாக ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை.

பல்_மருத்துவமனை_வரவேற்பு
எங்களுக்கு ஆனது. கேட்காதவர்களுக்கு அனுப்பினோம், சிலர் புகார் அடித்தார்கள், நம்பர் முடங்கியது. போர்டிலும் விசிட்டிங் கார்டிலும் அந்த நம்பர்தான் இருந்தது. தயவு செய்து அதைச் செய்யாதீர்கள்.

விளம்பரம்_ரமணி
அந்த மாதிரி கருவிகள் வாட்ஸ்அப் விதிக்கு எதிரானவை. இளம்பிள்ளைக்காரர் பத்து வருடம் தறி ஓட்டிச் சேர்த்த நம்பரை வைத்துச் சோதனை செய்ய வேண்டாம். இருநூறு சாட்டையும் ஒருமுறை மேலிருந்து பாருங்கள், ஊர் பெயரோ கடை பெயரோ சொன்னவர்களுக்கு மட்டும் லேபிள் போடுங்கள். பத்துப் பதினைந்து பேர் தேறலாம். அவர்களுக்கு ஒவ்வொருவராகக் கையால் எழுதுங்கள். மற்றவர்களை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, மாற்றியதும் இரண்டாம் நாளே திரும்ப மாற்றாதீர்கள். விளம்பரத்தைத் திருத்தினால் அது மறுபடி முதலிலிருந்து கற்கத் தொடங்கும். ஒரு வாரம் கை வைக்காமல் விடுங்கள்.

இளம்பிள்ளை_சேலை
ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். எழுத்தையும் அந்த முதல் வரியையும் மாற்றினேன், தமிழ்நாடு மட்டும் வைத்தேன். இரவு 9 முதல் 10:30 வரை என் தங்கை பதில் போடுகிறாள். சாட் தினமும் எட்டு, ஒன்பதாகக் குறைந்துவிட்டது, ஒன்று 55 ரூபாய் ஆகிறது. ஆனால் பேசுகிறார்கள். நாலு கடைகள் பணம் அனுப்பி எடுத்தார்கள், அதில் ஒருவர் 20 சேலை. இன்னும் மூன்று பேர் படம் பார்த்துவிட்டு யோசித்துச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். ரமணி சாருக்கும் எல்லோருக்கும் நன்றி. பாவு போட வேண்டும், போகிறேன்.

வீட்டு_பொட்டிக்_அக்கா
நல்லது தம்பி. விலை போட்டீர்களா, போடாமலா?

நெல்லை_அக்கவுண்ட்ஸ்
யோசித்துச் சொல்கிறோம் என்ற மூவருக்கு எத்தனை நாள் கழித்து மறுபடி எழுதலாம்? இதற்கும் யாராவது அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.

விளம்பரம்_ரமணி
நான் மறுநாள் மாலை ஒருமுறை, அப்புறம் புது டிசைன் தறியிலிருந்து இறங்கும்போது ஒருமுறை எழுதச் சொல்வேன். அதற்கு மேல் எழுதினால் பிளாக் செய்கிறார்கள். சேலைத் தொழிலில் வேறு மாதிரி இருக்கலாம்.