முதல் ஆளை வேலைக்கு வைத்தபோது யாரும் சொல்லாத ஒன்று – உங்கள் அனுபவம் என்ன?

பெட்ஃபோர்டு பேக்கரிக்காரர்

குன்னூரில் சின்ன பேக்கரி. வர்க்கியும் பன்னும்தான். 2024-ல் ஆர்டர் கூடியதும் ஒரு ஆளை வைத்தேன், ஜார்க்கண்ட் பையன், 25 வயது, மாதம் 14,000. வைத்த மூன்றாவது மாதம் மாவு மெஷினில் கை போய்விட்டது. மெஷின் மேல் இருந்த கம்பித் தடுப்பை நான்தான் கழற்றி வைத்திருந்தேன், ஓரத்தில் ஒட்டின மாவைச் சுரண்ட வசதியாக இருக்கும் என்று. சத்தம் கேட்டுத் திரும்பினால் சட்டியில் மாவு சிவந்துகொண்டே வருகிறது, அவன் கையைத் துணியில் சுற்றிப் பிடித்தபடி, "அண்ணா, மாவு வேஸ்ட் ஆயிடுச்சு" என்கிறான். இரண்டு விரல் போயிற்று. அந்த ஒரு வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது.

ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க நான் கட்டினேன். அதற்கு மேல் என் கடமை என்ன என்று அப்போது எனக்குத் தெரியாது. கடை ஆரம்பிக்கும்போது லைசென்ஸ், ஜி.எஸ்.டி. பற்றிப் பத்துப் பேர் சொன்னார்கள். இதை ஒருத்தரும் சொல்லவில்லை.

கோத்தகிரி சிப்ஸ் கடை

வருத்தமான விஷயம் அண்ணே, ஆனால் பயப்படாதீங்க. ஈ.எஸ்.ஐ. பத்துப் பேர் இருந்தால்தான் வரும், பி.எஃப். இருபது பேர். ஒரு ஆளுக்குச் சட்டப்படி நமக்கு ஒன்றும் கிடையாது. என் கடையில் ஒரு பையனுக்குக் கையில் எண்ணெய் கொட்டியது, பத்தாயிரம் கொடுத்து, இனி எந்தப் பாக்கியும் இல்லை என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வாங்கிக்கொண்டேன். நீங்களும் அப்படியே எழுதி வாங்கிடுங்க.

ஊட்டி பழைய குமாஸ்தா

சிப்ஸ் கடைத் தம்பி சொன்னதில் முதல் பாதி சரி. மறுபாதியை நம்பினால் மாட்டிக்கொள்வீர்கள். நான் வக்கீல் ஆபீசில் இருபது வருஷம் இழப்பீட்டு மனுக்களே எழுதினவன்.

ஈ.எஸ்.ஐ. இருக்கும் இடத்தில் விபத்துக்கு அது பணம் தரும். ஈ.எஸ்.ஐ. இல்லாத சின்னக் கடையில் அந்தப் பாரம் அப்படியே முதலாளி தலையில் வந்து உட்காரும். உங்கள் விபத்து நடந்தபோது இருந்த 1923-ம் வருஷத்து இழப்பீட்டுச் சட்டம் அதற்குத்தான். மெஷின் ஓடுகிற பேக்கரி என்றால் ஒரே ஒரு ஆள் இருந்தாலும் பொருந்தும். யார் தப்பு என்று பார்ப்பது கிடையாது. வேலையால், வேலை நேரத்தில் அடிபட்டதா என்பதுதான் கேள்வி. குடித்திருந்தான், தடுப்பை அவனே வேண்டுமென்று கழற்றினான் என்று நிரூபித்தால் சில காயங்களுக்குத் தப்பலாம். உயிர் போனாலோ முழு ஊனமானாலோ அந்த வாதமும் நிற்காது. உங்கள் விஷயத்தில் கழற்றியது நீங்கள்.

பேக்கரித் தம்பிக்குக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். சம்பளம் 14,000, அதில் 60 சதவீதம் 8,400. இருபத்தைந்து வயதுக்குச் சட்ட அட்டவணையில் உள்ள எண் 216.91. பெருக்கினால் 18,22,044. இது முழு ஊனத்துக்கு. ஒரு கையில் இரண்டு விரல் போனால் அட்டவணை சொல்வது 20 சதவீதம், ஆக 3,64,409 ரூபாய். ஆஸ்பத்திரிச் செலவு இதில் சேராது, அது தனி. சம்பளம் இருபதாயிரம் என்றாலும் கணக்குக்கு 15,000 வரைதான் எடுப்பார்கள். பணத்தை ஒரு மாதத்துக்குள் கொடுக்கவில்லை என்றால் 12 சதவீத வட்டி, காரணமில்லாமல் இழுத்தடித்தால் பாதித் தொகை வரை அபராதம்.

அப்புறம் அந்த ஸ்டாம்ப் பேப்பர். உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்குவது செல்லாது. சமரசமாகப் போனால்கூட அதை இழப்பீட்டு ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாத பேப்பரைக் கொண்டுவந்த முதலாளிகள் மறுபடியும் கட்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் ஆளை வைக்கும் அன்றே செய்ய வேண்டிய ஒன்றும் உண்டு. அடிபட்டால் உனக்கு இழப்பீடு உரிமை இருக்கிறது என்று அவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் கொடுக்க வேண்டும். 2017-லிருந்து இது கட்டாயம், கொடுக்காவிட்டால் அந்தப் பழைய சட்டத்தில் 50,000-லிருந்து ஒரு லட்சம் வரை அபராதம் இருந்தது. 2025 நவம்பர் 21-ல் அதற்குப் பதிலாகப் புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்த பிறகும் இந்தக் கடமை போகவில்லை.

கோத்தகிரி சிப்ஸ் கடை

அப்போ என் பேப்பருக்கு மதிப்பே இல்லையா? அந்தப் பையன் கேட்டுத்தானே கையெழுத்துப் போட்டான்.

கொடை ஹோம்ஸ்டே அக்கா

காட்டுமாடு முட்டினால் யார் பொறுப்பு? எங்களிடம் சமையலுக்கு வரும் அம்மா காலை ஐந்தரைக்கு பேரிஜம் ரோட்டுப் பக்கமிருந்து நடந்து வருவார். போன மாதம் பனியில் பக்கத்தில் நின்றதைப் பார்க்கவே இல்லை. கீழே விழுந்து இடுப்பில் அடி. மாடு பெருமூச்சு விட்டது காதுக்குப் பக்கத்தில் கேட்டதாம், அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார். என் வாசலுக்கு வெளியேதானே நடந்தது என்று முதலில் நினைத்தேன், இப்போது தூக்கம் வரவில்லை.

ஊட்டி பழைய குமாஸ்தா

புதுத் தொகுப்பில் வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியும் சேர்ந்திருக்கிறது அம்மா. நேரம், இடம், சூழ்நிலை இவற்றுக்கும் வேலைக்கும் தொடர்பு இருந்தால் வேலையில் நடந்த விபத்தாகவே எடுப்பார்கள். ஐந்தரைக்கு வரச் சொன்னது நீங்கள் என்பது முக்கியம். ஆனால் உங்கள் ஹோம்ஸ்டே சமையல் வேலை, சட்டம் பொருந்தும் வேலைகளின் அட்டவணைக்குள் வருமா என்பதில் வாதம் இருக்கும், நான் உறுதி சொல்ல மாட்டேன். வனத்துறை நிவாரணம் வேறு, அதற்கு உடனே மனுக் கொடுங்கள்.

சாரிங் கிராஸ் சாக்லேட்

நான் கேட்க வந்தது பி.எஃப். நம்பர் எடுக்க வேண்டுமா என்று, அதற்குப் பதில் மேலேயே வந்துவிட்டது. என் கதை சின்னது: போன ஆள் போகும்போது "மாதம் 16,000 பேசினீங்க" என்றார், நான் 11,000 கொடுத்து வந்தேன், இரண்டு பேர் கையிலும் ஒரு காகிதம் கிடையாது.

அதனால் சொல்கிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும். சம்பளத்தை பேங்கில் போடுங்கள், இல்லை வவுச்சரில் தேதி, தொகை, கையெழுத்து வாங்குங்கள். ஏழாம் தேதிக்குள் கொடுத்துவிடுங்கள். முன்பணம் கொடுத்தால் அதையும் தனியாக எழுதுங்கள், சம்பளத்தோடு கலக்க வேண்டாம். குமாஸ்தா ஐயா கணக்கே சம்பளத்திலிருந்துதானே ஆரம்பிக்கிறது, அது எவ்வளவு என்று காட்ட முடியாவிட்டால் வேலை ஆள் சொன்னதா நீங்கள் சொன்னதா என்றே வழக்கு ஓடும். நான் கொடுத்த 11,000 எங்கள் தொழிலுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியைவிடக் குறைவு என்பதும் பிறகுதான் தெரிந்தது. ஏப்ரல் மாதம் அகவிலைப்படி மாறும்போது அந்தத் தொகை ஏறும், வருஷா வருஷம் பாருங்கள். சிப்ஸ் கடை அண்ணா, கோபப்படாதீங்க, அந்தப் பையனைத் தேடிப் பிடித்துப் பேசுங்க.

கோத்தகிரி சிப்ஸ் கடை

நான் கோபப்படவில்லை. அவன் ஊருக்குப் போய்விட்டான், நம்பர் மாறிவிட்டது.

பெட்ஃபோர்டு பேக்கரிக்காரர்

குமாஸ்தா ஐயா, கணக்குக்கு நன்றி. பையனுக்கு இரண்டு லட்சம் கொடுத்தேன், மீதியை ஆணையர் முன்னால் கட்டப் பேசிக்கொண்டிருக்கிறோம், வட்டி எவ்வளவு என்பது மட்டும் முடியவில்லை. அப்போது இன்சூரன்ஸ் இல்லை. இப்போது ஒரு ஆளுக்கும் கிடைக்கும் என்று தெரிந்து தொழிலாளர் இழப்பீட்டுக்கான டபிள்யூ.சி. பாலிசி எடுத்துவிட்டேன், ஆனால் பழைய விபத்துக்கு அது உதவாது.

தடுப்பை மாட்டிவிட்டேன். புது ஆளும் ஜார்க்கண்ட்தான், தமிழ் பேசுவான், படிக்க வராது. அந்த இழப்பீட்டு உரிமைக் காகிதத்தை இந்தியில் எழுதி வைத்திருக்கிறேன். பழைய பையன் கடைக்கு வந்து, மீதி மூன்று விரலால் பிடித்து, அவனுக்கு வாசித்துக் காட்டினான்.