‘விலை–வருவாய் விகிதம்’ என்னும் சொல் சரிதானா?

கோவையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். பங்கு முதலீடு பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு பங்கின் சந்தை விலையை அப்பங்குக்குரிய ஓராண்டு நிகர இலாபத்தால் வகுத்தால் வரும் எண்ணைத் தரகர்கள் ‘பி.இ.’ என்கிறார்கள், நாளிதழ்கள் ‘விலை–வருவாய் விகிதம்’ என்று எழுதுகின்றன. ஆனால் நிறுவனக் கணக்கில் ‘வருவாய்’ என்பது செலவு எதையும் கழிக்காத வரவு. விலையை விற்பனை வரவால் வகுக்கும் வேறோர் அளவும் இதே கையேட்டில் வருவதால், இரண்டுக்கும் ஒரே பெயர் சூட்டும் நிலையில் நிற்கிறேன்.

ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொள்ளும் அதே துறை நிறுவனங்களை ‘இணை நிறுவனங்கள்’ என்று எழுதினேன். அச்சொல்லோ, மற்றொரு நிறுவனம் கணிசமான பங்கு வைத்திருக்கும் நிறுவனத்துக்கு முன்பே வழங்கிவருகிறது. இரண்டுக்கும் நல்ல சொற்கள் வேண்டும்.

திருச்சியிலிருந்து, ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்:

ஐயா, எளிய சொல் இருக்கும்போது ஏன் சுற்ற வேண்டும்? ‘மீட்பு ஆண்டுகள்’ என்று வைத்துவிடலாம். எண் 20 என்றால் போட்ட பணம் திரும்ப இருபது ஆண்டு ஆகும் என்பதுதானே பொருள்? இந்தக் கணக்கை நம்பித்தான் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உருக்கு நிறுவனப் பங்கை வாங்கினேன். மற்ற துறைப் பங்குகள் இருபதுக்கு மேல் இருக்கையில் அது ஐந்தில் கிடைத்தது. அடுத்த ஆண்டே இலாபம் கரைந்து, விலையும் இறங்கியது. கணக்கில் என்ன பிழை என்று யாராவது சொன்னால் நல்லது.

யாழ்ப்பாணத்திலிருந்து, கணக்கியல் ஆசிரியை:

எங்கள் வகுப்பறைகளில் இதற்கு ‘உழைப்பு’ என்ற சொல் உண்டு. ‘பங்கொன்றுக்கான உழைப்பு’, ‘விலை உழைப்பு விகிதம்’ என்று சொல்லும்போது மாணவர் ஒருவரும் விற்பனையோடு குழப்பிக்கொள்வதில்லை, ஏனென்றால் ஒருவர் மாதம் எவ்வளவு உழைக்கிறார் என்றால் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பதே எங்கள் பேச்சு வழக்கு. தமிழ்நாட்டு வாசகருக்கு அச்சொல் உடலுழைப்பையே நினைவூட்டும் என்பதையும் அறிவேன்.

சென்னையிலிருந்து, பங்கு ஆய்வாளர்:

அம்மா சொன்ன ‘உழைப்பு’ எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இருந்தாலும் இரு கரையிலும் தடையின்றிப் புரிய ‘இலாப மடங்கு’ என்பதை முன்வைக்கிறேன். ‘பன்னிரண்டு மடங்கில் கிடைக்கிறது’ என்றுதான் நாங்கள் அலுவலகத்திலும் பேசுகிறோம். விகிதம் என்றால் எதற்கும் எதற்கும் என்பது மறைந்து வெறும் எண் நிற்கிறது. மடங்கு என்றால் எந்த இலாபத்தின் மடங்கு என்ற கேள்வி உடனே எழும். அந்தக் கேள்விதான் ஒப்பீட்டின் உயிர்.

‘மீட்பு ஆண்டுகள்’ பாதி சரி. இலாபம் ஒரே அளவில் நின்று, முழுவதும் பங்குதாரர் கைக்கு வந்தால்தான் அது உண்மையாகும். வளரும் நிறுவனத்தில் ஆண்டுகள் குறையும், தேயும் நிறுவனத்தில் கூடும், முடிவே வராமலும் போகலாம்.

நான் அதிகம் காணும் பிழை கடனால் வருவது. இரண்டு நூற்பாலைகளை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. வட்டிக்கும் வரிக்கும் முன் இரண்டும் ஆண்டுக்கு 100 கோடி ரூபாய் ஈட்டுகின்றன, வரி 25 விழுக்காடு, தொழில் முழுவதற்கும் சந்தை வைக்கும் மதிப்பு தலா 900 கோடி. முதல் ஆலைக்குக் கடனே இல்லை. நிகர இலாபம் 75 கோடி, எனவே மடங்கு 12. இரண்டாவது ஆலைக்கு 8 விழுக்காடு வட்டியில் 500 கோடி கடன் உண்டு. 40 கோடி வட்டி போய், மீதி 60 கோடியில் வரியும் போய், 45 கோடி நிற்கிறது. கடனைக் கழித்தால் பங்குகளின் மதிப்பு 400 கோடி. மடங்கு ஏறத்தாழ 9. இயந்திரமும் நூலும் வாடிக்கையாளரும் ஒன்றாக இருக்க, கடன்பட்ட ஆலை ‘மலிவு’ என்று பட்டியலில் மேலே வந்துவிடுகிறது.

இது எப்போதும் ஒரே திசையில் போவதுமில்லை. அதே தொழிலைச் சந்தை 1,500 கோடிக்கு மதித்தால் முதல் ஆலை 20 மடங்கிலும், கடன்பட்டது 22 மடங்கிலும் நிற்கும். கடனுக்கும் ஒரு மடங்கு உண்டு என்பதே காரணம்: வரிச் சலுகை போக நூறு ரூபாய்க்கு 6 ரூபாய் செலவென்றால், கடனின் மடங்கு சுமார் 17. தொழிலின் மடங்கு அதற்குக் கீழே இருந்தால் கடன் அதை மேலும் இறக்கும், மேலே இருந்தால் ஏற்றும். ஆகவே பங்குகளின் மதிப்போடு கடனையும் கூட்டி, ரொக்கக் கையிருப்பைக் கழித்து, வட்டிக்கும் வரிக்கும் முந்தைய இலாபத்தால் வகுத்துப் பாருங்கள். 900 கோடிக் கணக்கில் இரண்டும் 9 என்றே வரும். வங்கிகளுக்கு இந்த வழி ஒத்துவராது, அங்கே கடன்தான் மூலப்பொருள்.

திருச்சியிலிருந்து, ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்:

தம்பி, என் உருக்கு நிறுவனத்துக்குக் கடன் குறைவுதான். ஆண்டறிக்கையில் நானே பார்த்தேன். துறையின் மற்ற நிறுவனங்களும் நான்கு, ஐந்து என்றுதான் இருந்தன. பிறகு எங்கே தவறினேன்?

சென்னையிலிருந்து, பங்கு ஆய்வாளர்:

ஐயா, கேள்வியிலேயே விடை இருக்கிறது. துறை முழுவதும் ஒரே நேரத்தில் உச்ச இலாபம் காணும்போது அண்டை நிறுவனங்களோடு ஒப்பிடுவது எதையும் காட்டிக்கொடுக்காது, எல்லா அளவுகோல்களும் ஒன்றாகவே நீண்டிருக்கும். எல்லோரும் பார்க்கக்கூடிய டாடா ஸ்டீல் கணக்கை எடுத்துக்கொள்வோம். 2021–22 நிதியாண்டில் அதன் ஒருங்கிணைந்த நிகர இலாபம் 41,000 கோடி ரூபாயைத் தாண்டியது; 2022 மார்ச் இறுதி விலைக்கு மடங்கு நான்கை ஒட்டி வந்தது. அடுத்த ஆண்டு இலாபம் 8,000 கோடி அளவுக்கு இறங்கியது, அதற்கடுத்த ஆண்டு நட்டம். சந்தை அந்த இலாபம் நிலைக்காது என்று கருதியதால்தான் விலையை அதற்கேற்ப ஏற்றவில்லை. மடங்கின் சிறுமை அந்த ஐயத்தின் அளவு. சுழற்சித் தொழில்களில் இலாபம் உச்சத்தில் இருக்கும்போது மடங்கு சிறுத்தும், அடித்தளத்தில் இருக்கும்போது பெருத்தும் தோன்றும் என்று பங்கு ஆய்வாளர் நிக்கலஸ் மொலடோவ்ஸ்கி 1953-லேயே எழுதினார்.

ஒரு முழுச் சுழற்சியின், அதாவது ஏழெட்டு ஆண்டுகளின், சராசரி இலாபத்தை வகுத்தியாக வைத்துப் பார்த்திருந்தால் நீங்கள் வாங்கிய பங்கின் மடங்கு ஐந்தாக இருந்திருக்காது.

கோவையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

‘இலாப மடங்கு’ என்பதை எடுத்துக்கொள்கிறேன். அதன் முன் எந்த இலாபம் என்று ஓர் அடைமொழி கட்டாயம் வரும்படி எழுதுவேன்: கடந்த ஆண்டு இலாப மடங்கு, எதிர்பார்ப்பு இலாப மடங்கு, சுழற்சிச் சராசரி இலாப மடங்கு. அம்மாவின் ‘உழைப்பு’ ஈழத்து வழக்காகச் சொல்லடைவில் இடம்பெறும். ஒப்பீட்டு நிறுவனங்களுக்கு ‘நிகர் நிறுவனங்கள்’ என்று எழுதினேன். ‘நிகர இலாபம்’ பக்கத்தில் வரும்போது கண் தடுக்குகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து, கணக்கியல் ஆசிரியை:

‘ஒத்த நிறுவனங்கள்’ போதாதா? ஒத்தவைதாமா என்று வாசகர் கேட்க அச்சொல்லே இடம் தருகிறது. ஆனால் ஒரு சந்தேகம். நட்டமடைந்த நிறுவனத்துக்கு ‘இலாப மடங்கு’ எப்படிப் பொருந்தும்? பட்டியலில் சிலர் கோடிட்டு விடுகிறார்கள், சிலர் கழித்தல் குறியோடு எண் போடுகிறார்கள்.

சென்னையிலிருந்து, பங்கு ஆய்வாளர்:

கழித்தல் குறியோடு போடுவது தவறு. நட்டம் பெருகப் பெருக அந்த எண் சுழியை நெருங்கும், வரிசைப்படுத்தினால் மிக மோசமான நிறுவனமும் சற்றே நட்டப்பட்ட நிறுவனமும் இடம் மாறிவிடும். நூறு ரூபாய் விலைக்கு எவ்வளவு இலாபம் என்று தலைகீழாக வகுத்தால் வரிசை குலையாது. ஆனால் அந்தத் தலைகீழ் அளவுக்கு என்னிடம் நல்ல தமிழ்ச் சொல் இல்லை. ‘இலாப வீதம்’ என்றால் விற்பனையில் கிடைக்கும் இலாபம் என்று கொள்வார்கள்.