பேர் பொருந்தவில்லை என்று வித்ட்ரா திரும்பிவிடுகிறது, பான் கார்டிலும் பேங்கிலும் ஒரே பெயர்தானே?

கரிசல்மண்: வணக்கம். ரம்மி ஆப் ஒன்றில் 16,200 ரூபாய் மாட்டிக்கொண்டு இருக்கிறது. 2025 ஆகஸ்ட் சட்டத்துக்குப் பிறகு பணம் வைத்து ஆடுவதை நிறுத்திவிட்டார்கள், மீதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் கணக்கில் ஒரு ரூபாய் வருகிறது, அடுத்த நிமிஷம் ரிஜெக்ட் ஆகிறது. பான் கார்டில் P KATHIRESAN. பாஸ்புக்கிலும் P KATHIRESAN. எழுத்துக்கு எழுத்து ஒன்று. பிறகு என்ன பொருந்தவில்லை?

சேலத்து_சிவா: நண்பரே, பேங்க் அக்கவுண்டை எடுத்துவிட்டு யு.பி.ஐ. ஐ.டி. போடுங்கள். அதில் பேர் பார்க்க மாட்டார்கள். எனக்கு அப்படித்தான் வந்தது.

கணக்குப்பிள்ளை: சிவா, உங்களுக்கு வந்தது பேர் ஒத்துப்போனதால். யு.பி.ஐ. ஐ.டி.யைச் சரிபார்க்கும்போதும் பேங்கில் இருக்கும் பெயர்தான் திரும்பி வரும். கடைக்காரர் கியூ.ஆரை ஸ்கேன் பண்ணினால் அவர் பெயர் வருகிறதே, அதே சங்கதி.

கரிசல்மண், நான் ஆறு வருஷம் ஒரு பேமென்ட் கம்பெனியில் இந்த வேலையைத்தான் பார்த்தேன். அந்த ஒரு ரூபாய்க்குப் பெயர் பென்னி டிராப். ஐ.எம்.பி.எஸ்.ஸில் போகும் அந்த ரூபாயோடு, கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்ற பதிலும் அவர்களுக்குத் திரும்பி வரும். அதைத்தான் ஒப்பிடுகிறார்கள். ஆனால் ஒப்பிடுவது கார்டில் அச்சடித்த பெயரோடு அல்ல, வருமான வரித்துறையின் பதிவில் இருக்கும் பெயரோடு. இரண்டும் வேறாக இருக்கலாம். உங்கள் பான் எண்ணின் ஐந்தாவது எழுத்து என்ன? அந்த ஒரு எழுத்து போதும், முழு எண்ணை இங்கே போட்டுவிடாதீர்கள்.

கரிசல்மண்: K சார். ஏன்?

கணக்குப்பிள்ளை: தனிநபர் பானில் ஐந்தாவது எழுத்து குடும்பப்பெயரின் முதல் எழுத்து. உங்களுக்கு K என்றால் விண்ணப்பத்தில் கதிரேசனைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போட்டிருக்கிறார்கள். அடுத்து முதல்பெயர்க் கட்டம். அங்கே வெறும் P என்று எழுத முடியாது, இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். ஆகவே அப்பா பெயர் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். கார்டில் எப்படி அச்சாக வேண்டும் என்று தனியாக ஒரு வரி கேட்பார்கள், அதில் சுருக்கலாம். நமக்கெல்லாம் இனிஷியல் என்பது அப்பாவின் நிழல் மாதிரி. அந்தப் படிவத்துக்கு அது புரியாது. ஆப்பில் உங்கள் ப்ரொஃபைல் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

கரிசல்மண்: பார்த்தேன். இதை இத்தனை நாளும் அப்பா பெயரையும் சேர்த்துக் காட்டுகிறார்கள் என்று நினைத்திருந்தேன்!

```
KYC  : PALANISAMY KATHIRESAN
Bank : MR P KATHIRESAN
```

கணக்குப்பிள்ளை: அதேதான். நீங்களும் நானும் பார்த்தால் ஒரே ஆள். நிரலுக்கு இரண்டு சொல்லில் ஒன்றுதான் பொருந்துகிறது, மற்றது ஒற்றை எழுத்து. சில கம்பெனிகளில் இனிஷியலைச் சேர்த்துப் பார்த்து விட்டுவிடுவார்கள், சிலர் விடுவதில்லை. உங்களுடையது இரண்டாவது ரகம்.

மல்லிகா_ஓசூர்: எங்கள் வீட்டிலும் இப்படித்தான், ஆனால் பி.எஃப். பணம். ஆதாரில் ஒன்று, பி.எஃப். பதிவில் ஒன்று. கம்பெனி எச்.ஆர். கையெழுத்துப் போட்டு அனுப்பினால் சரியாகிவிடும் அண்ணா.

கணக்குப்பிள்ளை: அம்மா, அது வேறு வழி. இங்கே கையெழுத்துப் போட எச்.ஆர். யாரும் கிடையாது.

சேலத்து_சிவா: அப்படியென்றால் பானிலேயே பெயரை P KATHIRESAN என்று மாற்றிவிட்டால் முடிந்ததே. இல்லாவிட்டால் வீட்டில் யார் பெயராவது சரியாக இருக்கும், அந்தக் கணக்கைக் கொடுக்கலாம்.

கணக்குப்பிள்ளை: முதலாவது நடக்காது, பதிவில் இனிஷியல் ஏறாது என்று மேலேயே சொன்னேன். இரண்டாவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். ஜெயித்த பணத்தில் 30 சதவீதம் வரி பிடித்து, அதை இவருடைய பானில் கட்டுகிறார்கள். வரி ஒருவர் பெயரில், பணம் இன்னொருவர் கணக்கில் என்று அனுப்ப அவர்களால் முடியாது. மனைவி கணக்கைக் கொடுத்தால் இப்போது இருக்கும் பெயர்ப் பிரச்சினை, வேறொருவர் ஆடினாரா என்ற சந்தேகமாக மாறும். அதிலிருந்து மீள்வது கஷ்டம்.

மாற்ற வேண்டியது பேங்கில். கிளைக்குப் போய் கே.ஒய்.சி. திருத்தப் படிவம் கேளுங்கள். பான், ஆதார் நகல் கேட்பார்கள். ஆதாரில் எப்படி இருக்கிறது?

கரிசல்மண்: Kathiresan P. அதையும் மாற்ற வேண்டுமா?

கணக்குப்பிள்ளை: அவசரப்பட வேண்டாம். ஆதாரில் பெயரை ஆயுளுக்கு இரண்டு தடவைதான் மாற்றலாம். இதற்காக ஒன்றைச் செலவழிக்காதீர்கள். அப்பா பெயர் வேறு ஏதாவது ஆவணத்தில் முழுதாக இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். வருமான வரித் தளத்தில் லாகின் பண்ணி, பதிவில் இருக்கும் எழுத்துக்கூட்டலை அப்படியே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம், பேங்கில் மாறிய பிறகு ஆப்பில் பழைய கணக்கையே மறுபடி அழுத்தாதீர்கள். பழைய சோதனையின் முடிவைச் சேமித்து வைத்திருப்பார்கள். கணக்கை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்த்தால்தான் மறுபடி ஒரு ரூபாய் போகும்.

நொய்யல்: எனக்கும் இதே தொல்லை. வாட்ஸ்அப்பில் வந்த கிரிக்கெட் பெட்டிங் சைட். பேர் பொருந்தவில்லை, 3,000 கட்டினால் திருத்தித் தருகிறோம் என்கிறார்கள். கட்டலாமா? பணம் போடும்போது ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆள் கணக்கு கொடுத்தார்கள்.

கணக்குப்பிள்ளை: தம்பி, கட்டாதீர்கள். உங்களுடையது இதே தொல்லை இல்லை. பெயர்த் திருத்தத்துக்கு எந்த ஒழுங்கான கம்பெனியும் காசு கேட்காது. போட்ட கணக்கெல்லாம் வேறு வேறு ஆள் பெயரில் இருக்கும்போது உங்கள் பெயரைப் பற்றி அவர்களுக்கு என்ன கவலை? 3,000 கட்டினால் அடுத்து வரி என்று 8,000 கேட்பார்கள். 1930க்குப் போன் பண்ணுங்கள், அல்லது cybercrime.gov.in. பணம் அனுப்பிய ரசீதுகளை அழித்துவிடாதீர்கள்.

நொய்யல்: நானே ஆடினேன் என்று புகாரில் சொன்னால் என் மேல் கேஸ் வருமா?

கணக்குப்பிள்ளை: 2025 சட்டத்தில் தண்டனை நடத்துபவர்களுக்கும் விளம்பரம் செய்பவர்களுக்கும் பணம் கைமாற்றிக் கொடுப்பவர்களுக்கும்தான். ஆனால் உங்கள் விஷயம் முழுதும் எனக்குத் தெரியாது. வக்கீல் ஒருவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள், தாமதம் மட்டும் செய்யாதீர்கள்.

வைகைப்பெண்: எனக்கும் ஒன்று சொல்லுங்கள் சார். பானில் அப்பா பெயர் விரிவாக இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு பேங்கில் வீட்டுக்காரர் இனிஷியல். எந்தப் பக்கம் மாற்றுவது?

கணக்குப்பிள்ளை: பழைய கணக்கு ஏதாவது அப்பா இனிஷியலோடு இருந்தால் அதைக் கொடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் கல்யாணச் சான்றிதழோடு ஆப்பின் குறைதீர் அதிகாரிக்கு எழுதிக் கேட்கலாம். விடுவார்களா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கரிசல்மண்: ஒன்பது நாளுக்குப் பிறகு வருகிறேன். பேங்க்கில் மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் கவுன்டர் பெண் PALANISWAMY என்று தட்டிவிட்டார். நடுவில் ஒரு W. பாஸ்புக் பிரிண்ட் ஆன பிறகுதான் கவனித்தேன். மறுபடி படிவமா?

கணக்குப்பிள்ளை: ஒரு எழுத்துக்குப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். முதலில் நீக்கிச் சேர்த்துப் பாருங்கள்.

கரிசல்மண்: சேர்த்தேன், பச்சை டிக் விழுந்துவிட்டது! இந்த நிதியாண்டில் நான் போட்டது 4,000. மீதி 12,200க்கு 3,660 வரி பிடித்து 12,540 வந்தது. W-வை மட்டும் திங்கட்கிழமை போய் எடுக்கச் சொல்ல வேண்டும். அப்பாவுக்குக் கோபம், தன் பெயரைத் தப்பாக எழுதிவிட்டார்கள் என்று.