கணினியில் 24 போத்தல், அடுக்கில் ஒன்றுமில்லை: விநியோகத் தொடர்த் தேர்வில் எதிர்கொண்ட கேள்வி

பகுதிநேர மாணவி, உட்லண்ட்ஸ்

சென்ற பருவத் தேர்வில் வந்த கேள்வியையும் நான் விடை எழுதிய முறையையும் பகிர்கிறேன். 12 கிளைகள் கொண்ட ஒரு பேரங்காடி நிறுவனத்தில், ஐந்து கிளைகளில் மட்டும் இரண்டு லிட்டர் சமையல் எண்ணெய் நான்கு நாள்களாக அடுக்கில் இல்லை. வழக்கமான விற்பனை கிளைக்கு நாளொன்றுக்கு 8 போத்தல். இருப்பு 20க்குக் கீழே இறங்கினால் கணினி தானாகவே ஆர்டர் போடும். ஐந்து கிளைகளிலும் கணினி காட்டிய இருப்பு 24, மத்தியக் கிடங்கில் இருந்தது 600. காரணத்தைக் கண்டறிந்து பரிந்துரை வழங்க வேண்டும்.

நான் முதல் பத்தியில் எந்தக் கோட்பாட்டையும் எழுதவில்லை. சரக்கு எந்த இடம் வரை வந்து நின்றது என்பதை மட்டும் எழுதினேன். கிடங்கில் 600 இருப்பதால் சப்ளையர் மீது பழியில்லை. மற்ற ஏழு கிளைகளுக்குச் சரக்கு ஒழுங்காகப் போவதால் லாரியும் காரணமில்லை. ஆகவே கோளாறு அந்த ஐந்து கிளைகளுக்குள்ளேயே இருக்கிறது. பதிவேட்டில் 24 இருந்தும் நான்கு நாள்கள் ஒரு போத்தல்கூட விற்கவில்லை என்றால், அந்த 24 பின்னறையில் கிடக்கலாம், அல்லது கடையிலேயே இல்லாமல் இருக்கலாம். நீங்கள் எப்படி எழுதியிருப்பீர்கள்?

சில்லறை விற்பனைத் துறையில் புதிதாகச் சேர்ந்தவர்

எங்கள் வகுப்பில் இத்தகைய கேள்விக்குப் பாதுகாப்பு இருப்பை உயர்த்தச் சொல்லித் தந்தார்கள். ஆர்டர் வரம்பை 20இலிருந்து 40ஆக்கினால் 24 அதற்குக் கீழே வந்துவிடும், கணினி உடனே ஆர்டர் போட்டுவிடும். இவ்வளவு எளிய தீர்வு இருக்கும்போது ஏன் சுற்றி வளைக்க வேண்டும்?

உணவு இறக்குமதி அலுவலகத்தில் பணிபுரிபவர்

2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது சிங்கப்பூரில் நாங்கள் பட்ட பாடு நினைவுக்கு வருகிறது. ஒரே நாட்டை நம்பியிருக்கக் கூடாது என்பதுதான் அன்று கிடைத்த பாடம். இந்தக் கேள்விக்கும் சப்ளையர்களைப் பலவாக்கும்படிதான் நான் பரிந்துரைப்பேன்.

கிடங்கு மேற்பார்வையாளர், ஜூரோங்

கோழி விவகாரத்தில் சரக்கு நாட்டுக்குள்ளேயே வரவில்லை. இங்கே 600 போத்தல் கிடங்கில் காத்திருக்கும்போது இன்னொரு சப்ளையரைத் தேடினால், கேள்வியைப் படிக்கவில்லை என்றே திருத்துபவர் முடிவு செய்வார்.

வரம்பை 40ஆக்கும் யோசனை ஓரளவு வேலை செய்யும். அதனால்தான் அது ஏமாற்றுகிறது. ஐந்து கிளைகளுக்கும் சரக்கு வந்துவிடும். ஆனால் இல்லாத 24 பதிவேட்டில் அப்படியே நிற்கும். பிழை இன்னும் வளர்ந்து 40ஐத் தாண்டினால் அடுக்கு மறுபடியும் காலியாகும். குறையே இல்லாத ஏழு கிளைகளோ தலா 20 போத்தலைத் தேவையின்றிச் சுமக்கும்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கடையில் இதையே நேரில் கண்டேன். வந்த சரக்கைப் பெறும்போது பெட்டிகளை எண்ணாமல் கையெழுத்திட்டதும், உடைந்த போத்தல்களைக் கணக்கிலிருந்து கழிக்காததும்தான் பெரும்பான்மையான காரணங்கள். இன்னொன்றும் உண்டு: இரண்டு வகை எண்ணெயை வாங்கியவருக்குக் காசாளர் ஒரே வகையை இருமுறை ஸ்கேன் செய்துவிடுவார். அப்போது ஒரு வகையின் பதிவு கூடுதலாகவும் மற்றதன் பதிவு குறைவாகவும் இருக்கும். இரண்டையும் சேர்த்து எண்ணினால்தான் பிடிபடும்.

எனவே பரிந்துரையில், அன்றே அந்த ஐந்து கிளைகளில் பின்னறை உட்பட எண்ணிப் பதிவைத் திருத்துவதை முதலில் வைப்பேன். பதிவு திருந்தியதும் கணினியே கிடங்கிலிருந்து வரவழைத்துவிடும். அடுத்ததாக, இருப்பு இருப்பதாகக் காட்டியும் இரண்டு நாள்களாக விற்பனையே இல்லாத பொருள்களின் பட்டியலை ஒவ்வொரு காலையும் கிளை மேலாளருக்கு அனுப்பச் சொல்வேன். பலர் விட்டுவிடும் ஒன்று, அந்த நான்கு நாள் பூஜ்ஜியத்தைத் தேவையாகக் கணக்கிடக் கூடாது என்பதாகும். முப்பது நாள் சராசரியில் அதைச் சேர்த்தால் 8 என்பது ஏறக்குறைய 7 ஆகிவிடும், அடுத்த ஆர்டரும் அதற்கேற்பச் சுருங்கிவிடும்.

பகுதிநேர மாணவி, உட்லண்ட்ஸ்

நன்றி, அண்ணா. இழப்பை 5 × 8 × 4 = 160 போத்தல் என்று எழுதி, சிலர் வேறு பிராண்டை வாங்கியிருப்பார்கள் என்பதால் அதை மேல்வரம்பாகவே கொள்ள வேண்டும் என்றும் சேர்த்திருந்தேன். சராசரி பற்றி எழுத நேரம் கிடைக்கவில்லை.

மளிகைக் கடை நடத்துபவர், தேக்கா

என் கடையில் இதே போன்று முறுக்கு மாவு தீர்ந்துபோனது, ஆனால் பதிவில் பிழையே இல்லை. தீபாவளி 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31. முந்தைய ஆண்டின் அதே வாரத்தைப் பார்த்து ஆர்டர் போட்டதால் சரக்கு பிந்தி வந்தது. ஆகையால் எண்ணிப் பார்த்த பிறகுதான் காரணத்தை எழுத வேண்டும் என்பேன். இன்னொரு சந்தேகமும் இருக்கிறது: ஆள் பற்றாக்குறையுள்ள கடையில் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு தினமும் எண்ணப்போவது யார்?

கிடங்கு மேற்பார்வையாளர், ஜூரோங்

பட்டியலில் வருபவற்றை மட்டும் எண்ணினால் போதும் என்பது என் கருத்து, ஆனால் அது எத்தனை பொருள் என்பது கடைக்குக் கடை மாறும். வினாத்தாளில் ஊழியர் எண்ணிக்கை ஏதும் தரப்பட்டிருந்ததா, தங்கையே?