பொருள்: வகையிட்டுச் சரிபார்ப்பதற்கு ஒரு சொல் வேண்டும் (வெள்ளிக்கிழமைக்குள்)

தேன்மொழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பன்னிரண்டாம் வகுப்புத் தொகையிடல் பயிற்சித்தாள்கள் வெள்ளியன்று அச்சுக்குப் போகின்றன. ஒவ்வொரு தாளின் அடியிலும் ஒரு சிறு கட்டம் விட்டிருக்கிறோம். மாணவர் அதில் இரண்டு வேலை செய்ய வேண்டும். கிடைத்த விடையை வகையிட்டு, ∫ குறிக்குள் இருந்த சார்பு திரும்ப வருகிறதா என்று பார்க்க வேண்டும். வரையறுத்த தொகையாக இருந்தால் மேல், கீழ் எல்லைகளை இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

கட்டத்தின் தலைப்பில் இரண்டு சொல்லுக்கு மேல் இடமில்லை. வெறும் "சரிபார்த்தல்" என்று போட்டால் பிள்ளைகள் கடைசி வரியின் கூட்டல் கழித்தலை மட்டும் மறுபடி போட்டுவிட்டு டிக் அடிக்கிறார்கள். வரைவில் இப்போது "மறுவகையிடல்" என்று இருக்கிறது. யாருக்கும் ஆட்சேபம் உண்டா?

சிவகுரு எழுதியது:

> வரைவில் இப்போது "மறுவகையிடல்" என்று இருக்கிறது.

எனக்கு உண்டு, அம்மா. "மறு" என்றவுடன் பிள்ளை இரண்டாம் முறை வகையிடும். f(x)-ஐ எடுத்து f′(x) கண்டுபிடித்துவிட்டு, ஏன் பொருந்தவில்லை என்று கேட்கும். வகையிட வேண்டியது விடையை, வினாவை அல்ல. அந்த வேறுபாட்டைச் சொல் காட்ட வேண்டும்.

அதைவிட முக்கியமானது, நீங்கள் சொல்லும் இரண்டு வேலைகளும் ஒரே வேலை அல்ல. ஒன்றில் பிடிபடும் பிழை மற்றதில் பிடிபடாது. ∫₀² x·e^(x²) dx என்ற கணக்கை எடுங்கள். u = x² என்று பிரதியிட்டால் உள்ளே இருப்பது ½e^u, தொகையிட்டாலும் ½e^u. அதை u-வைப் பற்றி வகையிட்டால் ½e^u திரும்பவும் வருகிறது, பொருந்திவிட்டது. ஆனால் மாணவர் எல்லையை மாற்ற மறந்து u-வுக்கும் 0, 2 என்றே வைத்துவிட்டால் ½(e² − 1), ஏறத்தாழ 3.19 என்று எழுதுவார். x = 2 ஆகும்போது u = 4. ஆகவே சரியான விடை ½(e⁴ − 1), ஏறத்தாழ 26.8. எட்டு மடங்கு வேறுபாடு, வகையிட்டுப் பார்த்தது ஒன்றும் சொல்லவில்லை.

ஒருசொல்லில் இரண்டையும் அடைத்தால் பிள்ளை எளிதானதை மட்டும் செய்யும். இரண்டு சொல் வையுங்கள். (எங்கள் பக்கத்தில் தொகையீடு, வகையீடு, பெறுதி என்போம். உங்கள் தாள் என்பதால் உங்கள் சொற்களில் எழுதுகிறேன்.)

இளங்கோ எழுதியது:

சொல்லைத் தேடி வெளியே போக வேண்டியதில்லை, இலக்கணத்திலேயே இருக்கிறது. தொகைநிலைத் தொடரை எப்படிச் சரிபார்க்கிறோம்? விரித்துப் பார்க்கிறோம். "பொற்குடம்" வேற்றுமைத்தொகை என்று சொன்னால் போதாது, "பொன்னாலாகிய குடம்" என்று விரியும்போதுதான் அது உறுதியாகிறது. தொகையிட்டதை விரித்துப் பார்ப்பது "விரித்தறிதல்".

வினைத்தொகையை இன்னும் ஊன்றிக் கவனியுங்கள். "ஊறுகாய்" என்பதில் காலம் கரந்திருக்கிறது. ஊறின காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என்று மூன்றாகவும் விரியும். தொகையிடும்போது வரும் மாறிலி C-யும் அப்படித்தான் கரந்து நிற்கிறது, எந்த C-யை வைத்தாலும் வகையிட்டால் ஒரே சார்பு.

"எல்லை" பற்றியும் ஒரு சொல். சங்கப் பாடல்களில் எல்லை என்றால் பகல் என்றும் பொருள் உண்டு. "எல்" ஒளி. ஒளி படும் மட்டும் எல்லை என்று நான் கொள்கிறேன். வயலுக்கு உரிய சொல் வரம்பு. தொகையிடலில் ஒரு பரப்பை இருபுறமும் கட்டுவதால் "வரம்பு" என்பதே பொருந்தும். lim-க்கும் எல்லை, ∫-இன் மேலும் கீழும் இருப்பதற்கும் எல்லை என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை காலம் குழம்புவது?

பாத்திமா எழுதியது:

இளங்கோ ஐயா, ஊறுகாய் நல்ல உவமைதான். ஆனால் "விரித்தல்" என்றால் என் மாணவிகள் (a+b)²-ஐ விரிப்பார்கள். அடுக்குத் தொடராக விரிப்பதும் அதே சொல். வேண்டாம்.

என் சிக்கல் வேறு. ∫ sin x cos x dx-க்கு என் வகுப்பில் பாதிப் பேர் ½sin²x என்றும் மீதிப் பேர் −¼cos 2x என்றும் எழுதினார்கள். விடைப் பகுதியில் ஒன்றுதான் இருக்கிறது. இரண்டையும் வகையிட்டால் சரியாக வருகிறது. அப்படியானால் இந்தக் கட்டம் தவறான விடையையும் ஏற்கும் என்றுதானே பொருள்?

சிவகுரு எழுதியது:

இல்லை, பாத்திமா. இரண்டுமே சரியான விடைகள். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பாருங்கள், ½sin²x + ¼cos 2x எப்போதும் ¼ தான். இளங்கோ ஐயா சொன்ன C அங்கேதான் இருக்கிறது. விடைப் பகுதியோடு ஒப்பிடுவதைவிட வகையிட்டுப் பார்ப்பது நம்பத்தக்கது என்பதற்கே உங்கள் கணக்கு சான்று. எல்லைகளைப் போட்டால் ¼ இரண்டு முனையிலும் வந்து கழிந்துவிடும்.

ராஜா எழுதியது:

> எல்லைகளைப் போட்டால் ¼ இரண்டு முனையிலும் வந்து கழிந்துவிடும்.

அதைத்தான் நானும் கேட்கிறேன். பிரதியிடலில் எல்லையை மாற்ற மறப்பது கவனக்குறைவு, அதற்கு ஒரு கலைச்சொல் எதற்கு? u-விலேயே நிற்காமல் x-க்குத் திரும்பி வந்து வகையிட்டால் எல்லையை மாற்றும் தேவையே இல்லை. F′ = f என்று உறுதியானால் விடை F(b) − F(a). அடிப்படைத் தேற்றம் அதைத்தானே சொல்கிறது? "வகையிட்டுச் சரிபார்ப்பு" என்ற ஒரே தலைப்பு போதும்.

சிவகுரு எழுதியது:

தம்பி ராஜா, x-க்குத் திரும்பி வரச் சொன்னது நல்ல வழி. தாளிலும் அதைச் சொல்லலாம். ஆனால் தேற்றத்தைப் பாதிதான் சொன்னீர்கள். F′ = f என்பது a-யிலிருந்து b வரை ஓரிடமும் விடாமல் இருக்க வேண்டும். இதைப் போட்டுப் பாருங்கள்:

∫ dx / (5 + 4cos x), 0 முதல் 2π வரை.

t = tan(x/2) என்று பிரதியிட்டால் உள்ளே இருப்பது 2/(9 + t²) ஆகிறது. தொகையிட்டு x-க்குத் திரும்பி வந்தால் F(x) = ⅔ tan⁻¹(⅓ tan(x/2)). வகையிட்டுப் பார்த்தால் 1/(5 + 4cos x) அப்படியே வருகிறது. இனி எல்லை. F(0) = 0, F(2π) = 0. விடை 0.

t-யிலேயே நின்றவருக்கும் இதே கதி. x = 0 என்றால் t = 0, x = 2π என்றால் tan π, அதுவும் 0. எல்லையை மறக்கவில்லை, சரியாகவே மாற்றியிருக்கிறார். வகையிட்டதும் பொருந்துகிறது, எல்லையும் பொருந்துகிறது, விடை மட்டும் தவறு.

தவறு என்று எப்படித் தெரியும்? உள்ளே இருக்கும் சார்பைப் பாருங்கள். cos x 1-க்கும் −1-க்கும் இடையில்தான் போகும். ஆகவே சார்பு 1/9-க்குக் கீழே இறங்காது, 1-க்கு மேலே ஏறாது. இடைவெளியின் நீளம் 2π. எனவே விடை 0.69-க்கும் 6.29-க்கும் நடுவில் இருந்தாக வேண்டும். சுழி வர வழியே இல்லை.

எங்கே உடைந்தது? x = π-யில். அங்கே tan(x/2)-க்கு மதிப்பில்லை. இடப்பக்கமிருந்து வந்தால் F, π/3-ஐ நெருங்குகிறது, வலப்பக்கமிருந்து வந்தால் −π/3-ஐ. வகையிட்ட பிள்ளை π-யை எண்ணியே பார்த்திருக்காது, ஏனென்றால் மற்ற எல்லாப் புள்ளியிலும் F′ சரி. இடைவெளியை π-யில் வெட்டி 0-விலிருந்து π வரை தனியாகவும் π-யிலிருந்து 2π வரை தனியாகவும் போட்டால், ஒவ்வொன்றுக்கும் π/3. மொத்தம் 2π/3, ஏறத்தாழ 2.09. நாம் கணித்த வரம்புக்குள் வந்துவிட்டது.

ஆகவே "எல்லை பார்த்தல்" என்றால் இரண்டு முனையைப் பார்ப்பது மட்டுமல்ல, முனைகளுக்கு நடுவில் F அறுகிறதா என்று பார்ப்பதும்தான். சொல் அதையும் தாங்க வேண்டும்.

ராஜா எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். −1 முதல் 1 வரை 1/x² போடும்போது −2 வருவதும் இதே வகைதானே? நடுவில் வெட்டினால் சரியாகிவிடுமா?

சிவகுரு எழுதியது:

அறிகுறி ஒன்று, நோய் வேறு. எங்கும் நேர் மதிப்பே எடுக்கும் சார்புக்கு −2 வருவதால் பிழை இருக்கிறது என்று தெரிகிறது, அதுவரை சரி. ஆனால் முன்னைய கணக்கில் உள்ளிருக்கும் சார்புக்கு π-யில் ஒரு குறையும் இல்லை, நாம் கண்டுபிடித்த F-தான் அங்கே குதித்தது. அதனால் வெட்டி ஒட்ட முடிந்தது. இங்கே 1/x² தானே 0-வில் கட்டின்றி ஏறுகிறது. 0-வில் வெட்டினால் இரண்டு பாதிக்கும் முடிவான மதிப்பு கிடையாது. மதிப்பு இல்லை என்பதே விடை.

இளங்கோ எழுதியது:

அப்படியானால் "வரம்பு" என்பது இன்னும் பொருந்துகிறது. நடுவில் உடைப்பெடுத்ததும் வரம்பைத்தானே பார்க்கிறோம்! "வரம்பாய்வு" என்று வையுங்கள். "சரி" என்பதும் "சோதனை" என்பதும் தலைப்பில் வேண்டாம். சோதனை வடசொல். "செம்மை நோக்கு", "வரம்பாய்வு" என்று இரண்டு தலைப்பும் தூய தமிழில் அமையும்.

பாத்திமா எழுதியது:

சிவகுரு ஐயாவே இப்போதுதான் "நாம் கணித்த வரம்பு" என்று 0.69-க்கும் 6.29-க்கும் சொன்னார். அதுதான் வரம்பின் இயல்பான இடம், மதிப்பு எதற்குள் இருக்கும் என்பது. ∫-இன் மேலும் கீழும் இருப்பதற்கும் அதே பெயர் வைத்தால் மறுபடியும் ஒரு சொல், இரு பொருள். பாடநூலில் கீழ் எல்லை, மேல் எல்லை என்று படித்த பிள்ளைக்குத் தாளில் மட்டும் வேறு சொல் எதற்கு?

"செம்மை நோக்கு" என்றால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. கையெழுத்தை அழகாக்கச் சொல்வது போல இருக்கிறது.

தேன்மொழி எழுதியது:

வியாழன் இரவாகிவிட்டது, முடிவுக்கு வர வேண்டும். பெயர்ச்சொல்லாகத் தேடியதால்தான் சிக்கல் என்று தோன்றுகிறது. கட்டத்தை மூன்று வரியாக்கி, ஏவலாகவே போடுகிறேன்:

விடையை வகையிடு.
எல்லையைப் பார்.
இடையில் அறுகிறதா?

"விடையை" என்று சேர்த்ததால் வினாவை வகையிட மாட்டார்கள். மூன்றாம் வரிக்குக் கீழே 1/(5 + 4cos x) கணக்கை முழுதாகக் கொடுக்கிறேன், உள்ளிருக்கும் சார்பின் சிறுமம், பெருமத்தை வைத்து விடையை மதிப்பிடுவதையும் சேர்த்து. பாத்திமா, ராஜா, சிவகுரு ஐயா மூவரும் தனிமடலில் சரி என்றார்கள். சொற்பட்டியலில் "வகையிட்டுச் சரிபார்த்தல்", "எல்லை சரிபார்த்தல்" என்று இப்போதைக்குப் பதிகிறேன்.

இளங்கோ எழுதியது:

ஏவல் வினை கலைச்சொல் ஆகாது. "பார்" என்பதை அகரவரிசையில் எங்கே வைப்பீர்கள்? சொற்பட்டியலில் "வரம்பாய்வு" என்பதை மாற்றுச்சொல்லாகவாவது சேருங்கள்.

சிவகுரு எழுதியது:

எனக்கு ஏவல் பிடித்திருக்கிறது. ஒரே ஒரு குறை, "எல்லையைப் பார்" என்பதை எங்கள் பக்கப் பிள்ளைகள் lim கண்டுபிடிக்கச் சொல்வதாக எண்ணக்கூடும். இங்கே படியெடுக்கும்போது "தொகையீட்டின் எல்லைகளைப் பார்" என்று மாற்றிக்கொள்கிறேன். கட்டம் கொஞ்சம் அகலமாகும். மூன்றாம் வரியில் F அறுகிறதா, உள்ளிருக்கும் சார்பு அறுகிறதா என்பதைத் தாள் சொல்லவில்லை. ராஜாவின் 1/x² கணக்கையும் பக்கத்தில் போட இடம் இருக்கிறதா, அம்மா?